ஆறரை மணிக்குக் கிளம்புவது எப்போது குற்றமானது?

காலையில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், அலுவலக வாசலில் இருக்கும் விரல்ரேகைக் கருவி அதைக் குறித்துக்கொள்கிறது. மாதத்தில் மூன்று முறை அப்படி நேர்ந்தால் அரை நாள் விடுப்பு கழிகிறது. விடுப்பு இல்லையென்றால் சம்பளம் கழிகிறது. மாலையில் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பினாலும் அதே கருவி அதைக் குறித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால், அந்தக் குறிப்பை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஊழியர் எடுத்துக்கொண்ட பத்து நிமிடத்துக்குக் கணக்கு உண்டு. நிர்வாகம் எடுத்துக்கொண்ட தொண்ணூறு நிமிடத்துக்குக் கணக்கு இல்லை. நம் தனியார் அலுவலகங்களில் ஊதியமில்லாத மிகைநேர வேலை எப்படி இயல்பானது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே போதும்.

யாரும் உத்தரவிடுவதில்லை. சுற்றறிக்கை வருவதில்லை. பணி ஆணையில் ‘காலை 9.30 முதல் மாலை 6.30 வரை’ என்றுதான் இருக்கிறது. ஆனால், 6.30 மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுபவரைப் பார்த்து, “என்ன மேடம், இன்னைக்கு ஹாஃப் டேயா?” என்று ஒரு குரல் வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். மறுநாள் அவர் ஆறே முக்காலுக்கு எழுகிறார். அடுத்த வாரம் ஏழரை. ஆண்டு முடிவதற்குள் எட்டு மணிதான் வேலை முடியும் நேரம் என்றாகிவிடுகிறது. எழுதப்பட்ட விதி 6.30 என்கிறது, எழுதப்படாத விதி எட்டு என்கிறது. மதிப்பீட்டில் மதிப்பெண் போடுவது எழுதப்படாத விதிதான்.

ஒரு கணக்குப் பிரிவின் கதை

கணக்கில்லாமல் பேசினால் இது வெறும் புலம்பலாகத் தெரியும். எனவே, ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் ஆறு பேர். ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். “இந்த ஒரு மாதம் சமாளிச்சுக்கோங்க, ஆள் எடுத்துடலாம்” என்றார்கள். அவர் பார்த்த வேலை மற்ற ஐந்து பேருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. மாதங்கள் கடந்தன, ஆள் வரவில்லை. வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது, ஆள் எதற்கு என்ற எண்ணம் மேலே வந்துவிட்டது.

அந்த ஐவரில் ஒருவர், கூடுவாஞ்சேரியில் இருந்து மின்சார ரயிலில் வந்துபோகும் ஒரு பெண். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். வாரத்தில் ஆறு நாள் வேலை. மதியம் ஒரு மணி நேர இடைவேளை போக, நாளைக்கு எட்டு மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். அவர் கேட்பது சம்பள உயர்வு இல்லை, பதவி உயர்வும் இல்லை. 6.30 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்கிறார். வீட்டுக்குப் போனதும் பிள்ளை விழித்திருக்க வேண்டும் என்கிறார். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. மாதம் 26 வேலைநாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். 24,000 ரூபாயை அதனால் வகுத்தால், அவருடைய ஒரு மணி நேரத்தின் கூலி சுமார் 115 ரூபாய். 8 மணிக்குக் கிளம்பும்போது தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகிறது; 26 நாளுக்கு 39 மணி நேரம். அதாவது, மாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து முழு வேலைநாள்களை அவர் இலவசமாகக் கொடுக்கிறார். சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அப்படிப் பார்த்தால் மாதம் 9,000 ரூபாய், ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் அவருக்கு வர வேண்டியது. ஆண்டு இறுதியில் சில நூறு ரூபாய் சம்பள உயர்வுக்காகக் கைகட்டி நிற்கும் அதே நபருக்குத்தான் இந்தத் தொகை வராமல் போகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதுதான் என் பார்வையில் முக்கியமானது. ஐந்து பேரும் தலைக்கு 39 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் மொத்தம் 195 மணி நேரம். ஒரு முழுநேர ஊழியரின் மாத வேலைநேரம் 208 மணி. ஏறக்குறைய ஓர் ஆளின் உழைப்பு! வேலையை விட்டுப்போன அந்த ஆறாவது ஆளின் இடம் காலியாகக் கிடக்கவில்லை. ஐந்து குடும்பங்களின் மாலைப் பொழுதுகளைக் கொண்டு அது நிரப்பப்பட்டிருக்கிறது. நிரப்புவதற்கு நிர்வாகத்துக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

இரட்டிப்புக் கூலி எதற்காக?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே இதைப் பற்றித் தெளிவாகப் பேசிவிட்டது. தனியார் வணிக அலுவலகங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது பொது வரம்பு. மிகைநேரம் பார்க்கலாம், ஆனால், அதையும் சேர்த்து நாளைக்குப் பத்து மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் வரும் பெண் நாளைக்கு ஒன்பதரை மணி நேரம் உழைக்கிறார். அது பத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால், வாரத்துக்கு 57 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆக, இரட்டிப்புக் கூலி கொடுத்தாலும்கூட அனுமதிக்க முடியாத அளவு வேலை, கூலியே இல்லாமல் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் இணைந்து வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களைப் பற்றிப் பேசுகிறது. 35 முதல் 40 மணி நேரம் வரை உழைப்பவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்பது அதன் முடிவு. நம் கணக்குப் பிரிவின் ஐந்து பேரும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

இரட்டிப்புக் கூலியைப் பலரும் ஊழியருக்குத் தரும் சன்மானம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நிர்வாகத்தைக் கணக்குப் போட வைக்கும் ஏற்பாடு. ஐந்து பேருக்கும் தலா 9,000 என்றால் மாதம் 45,000 ரூபாய். புதிதாக ஓர் ஆளை எடுத்தால் சம்பளம் 24,000 ரூபாய். வைப்பு நிதி போன்றவற்றைச் சேர்த்தாலும் 45,000-ஐ எட்டாது. சட்டப்படி நடந்தால், ஆள் எடுப்பதுதான் மலிவு. எந்த முதலாளியும் ஆளைத்தான் எடுப்பார். அதற்காகத்தான் சட்டம் இரண்டு மடங்கு என்று வைத்தது. மிகைநேரத்தின் விலை பூஜ்யம் என்றாகிவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் செயலிழந்துபோகிறது. ஒருவர் வாயை மூடிக்கொண்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பது, வேலை தேடி அலையும் இன்னொருவருக்கு வர வேண்டிய வேலையையும் தடுத்துவிடுகிறது.

வேலைப்பளுவா, ஆள் பற்றாக்குறையா?

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்குப் பிரிவு என்றால் 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும்; 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி படிவங்களுக்கான கடைசி நாள்கள். மார்ச் மாதக் கடைசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாள்களில் எட்டு மணி என்ன, ஒன்பது மணி வரைகூட உட்கார வேண்டியிருக்கும். இதை எந்தக் கணக்கரும் மறுப்பதில்லை. தொழிலின் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆகும் சிறு நிறுவனத்துக்குப் புதிய ஆளை எடுக்கத் தயக்கம் இருப்பதும் உண்மைதான்.

ஆனால், இரண்டையும் பிரித்தறிவது எளிது. கிளம்பும் நேரத்தை ஒரு மாதம் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். 6, 7, 10, 11, 19, 20 ஆகிய தேதிகளில் மட்டும் நேரம் நீண்டு, மற்ற நாள்களில் 6.30-க்குத் திரும்பினால் அது வேலைப்பளு. 14-ம் தேதியும் 8 மணி, 25-ம் தேதியும் 8 மணி என்றால் அது பளு இல்லை, ஆள் பற்றாக்குறை. இன்னொரு வகையும் உண்டு. நாள் முழுவதும் காத்திருந்துவிட்டு மாலை 6.15-க்கு “ஒரு சின்ன ரிவியூ, அஞ்சு நிமிஷம்” என்று அழைக்கப்படுவது. பகலில் நடந்திருக்க வேண்டிய கூட்டம் மாலையில் நடக்கிறது என்றால், அங்கே குறை மேலாளரின் திட்டமிடலில் இருக்கிறது. மூன்று நோய்க்கும் மருந்து வேறு. ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஊழியரின் மாலை நேரம்தான் எடுக்கப்படுகிறது.

கோபம் திரும்பும் திசை

அந்தப் பெண் ஒருநாள் துணிந்து 6.30-க்குக் கிளம்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முகம் சுளிப்பவர் மேலாளராக இருக்க மாட்டார். பக்கத்து இருக்கைக்காரராகத்தான் இருப்பார். ஏனென்றால், முடியாமல் கிடக்கும் வேலை அவர் தலையில் விழப்போகிறது. “அவங்களுக்கு மட்டும்தான் குடும்பமா, எங்களுக்கெல்லாம் இல்லையா?” என்ற கேள்வி எழுகிறது. நியாயமாகப் பார்த்தால், ஆறாவது ஆள் எங்கே என்று மேலே கேட்க வேண்டிய கேள்வி இது. அது பக்கவாட்டில் திரும்பி, சரியான நேரத்தில் வீட்டுக்குப் போகும் ஒருவர் மீது பாய்கிறது. ஊதியமில்லாத மிகைநேரம் இத்தனை காலம் உறுதியாக நிற்பதற்கு நிர்வாகத்தின் அதட்டல் காரணமில்லை. சக ஊழியர்கள் ஒருவரையொருவர் காவல் காப்பதுதான் காரணம்.

இதில் பெண்கள் படும் பாடு தனி. வீட்டில் சமையலுக்கும் பிள்ளைக்கும் வேறு ஆள் இருக்கும் ஆண், எட்டு மணி வரை உட்கார்ந்து ‘பொறுப்பானவர்’ என்ற பெயரை வாங்கிவிடுகிறார். பகல் முழுவதும் தலை நிமிராமல் வேலை செய்து 6.30-க்கு முடித்துவிடும் பெண் ‘கடிகாரம் பார்ப்பவர்’ ஆகிவிடுகிறார். மதிப்பீட்டில் ‘ஈடுபாடு’ என்ற தலைப்பின் கீழ் அளக்கப்படுவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம்தான் என்றால், அந்த மதிப்பீடு வீட்டுப் பொறுப்பு உள்ள எல்லோரையும் வடிகட்டி வெளியே தள்ளிவிடும்.

மௌனம் சம்மதமாகுமா?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பல வகையில் விமர்சிக்கப்படுகின்றன. ஆனால், பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான தொகுப்பிலும் மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது நீடிக்கிறது. கூடவே, தொழிலாளரின் சம்மதத்தோடுதான் மிகைநேர வேலை வாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைகளை 365 நாளும் 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019-ல் அனுமதி தந்தபோது, அரசு சில நிபந்தனைகளை வைத்தது. மிகைநேரம் என்று முறையாகக் குறிக்கப்படாமல், வேலைநேரம் முடிந்த பிறகும் ஊழியர்கள் பணியில் இருந்தால், வேலையளிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அவற்றில் ஒன்று. இரவு 8 மணிக்குப் பிறகு பெண்களைப் பணியில் அமர்த்த எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பது இன்னொன்று.

சட்டம் திரும்பத் திரும்ப இரண்டைத்தான் கேட்கிறது: சம்மதம், பதிவு. நம் அலுவலகங்களில் இரண்டும் இல்லை. “யாரும் ஆட்சேபிக்கவில்லையே” என்கிறார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பிறந்த மௌனத்தைச் சம்மதம் என்று வாசிப்பது அறமாகாது.

வெளிப்படையாகக் கேட்கும்போது நம் மக்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதற்கு அண்மை வரலாறு சாட்சி. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் ஒருசேர எதிர்த்தன. அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். கரோனா காலத்தில் குஜராத் அரசு, ஆலைத் தொழிலாளர்கள் நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம், மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தேவையில்லை என்று அறிவிக்கை வெளியிட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, மிகைநேரக் கூலியைக் கொடுக்கச் சொன்னது. பெருந்தொற்றைக் காரணம் காட்டியும்கூட ஓர் அரசால் எடுக்க முடியாத உரிமை அது. அறிவிப்பு, விவாதம், வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல் தனியார் அலுவலகங்கள் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்திலிருந்து பிறந்த நாளை முதலில் கொண்டாடிய ஊரில் இது நடக்கிறது.

ஊழியர் என்ன செய்யலாம்?

முதலாவதாக, எழுதிவைக்க வேண்டும். தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், கூடுதல் நேரத்தில் செய்த வேலை, செய்யச் சொன்னவர் என ஐந்தே விவரங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம். சொந்த நோட்டுப் புத்தகத்தில். 6.30-க்கு விரல் வைத்துவிட்டுத் திரும்பவும் இருக்கைக்கு வரச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அங்கே அன்றாடம் அனுப்பிய மின்னஞ்சல்களின் நேரம் சாட்சியாகும்.

இரண்டாவதாக, கேள்வியை மாலையில் கேட்காமல் மூன்று மணிக்குக் கேட்க வேண்டும். “இன்றைக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும், எதை முதலில் எடுக்கட்டும்?” என்று மின்னஞ்சலில் கேட்டால், தேர்வு செய்யும் பொறுப்பு மேலாளருக்குப் போகிறது. 6.20-க்கு, “மீதமுள்ளது இது, நாளைக் காலை முதல் வேலையாக எடுக்கிறேன். இன்றே வேண்டுமென்றால் மிகைநேரமாகக் குறிக்கச் சொல்லுங்கள்” என்று இரண்டு வரி. இதில் சண்டை இல்லை. பேசப்படாமல் இருந்ததை எழுத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, தனியாகப் போகக் கூடாது. ஒருவர் 39 மணி நேரம் என்று சொன்னால் அது புகார். ஐந்து பேர் சேர்ந்து 195 மணி நேரம் என்று தாளில் எழுதி வைத்தால், அது ஆள் எடுப்பதற்கான கோரிக்கை. பக்கத்து இருக்கைக்காரரின் கோபம் திசை மாறுவதும் அப்போதுதான்.

‘நீங்கள் மேலாளர் நிலையில் இருப்பவர், உங்களுக்கு மிகைநேரம் கிடையாது’ என்ற பதில் வரலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால், பெயர்ப்பலகையில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்றோ ‘துணை மேலாளர்’ என்றோ போட்டுவிட்டால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வந்த ஆர்க்கல் கோவிந்த ராஜ் ராவ் வழக்கில், 1985-ல் உச்ச நீதிமன்றம் பதவியின் பெயரை விட்டுவிட்டு, அவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்றுதான் பார்த்தது. வேலைக்கு ஆள் எடுக்கவும் விடுப்பு வழங்கவும் அதிகாரமில்லாமல், நாள் முழுவதும் பில் பதிவுசெய்பவர் எந்தப் பெயரில் இருந்தாலும் கணக்கர்தான்.

இதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் துறையின் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது என்று 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு பாதுகாக்கிறது. ஆனால், விடுவிப்புக் கடிதத்தை இழுத்தடித்தே ஒருவரைப் பணியவைக்க முடியும் என்பதை எல்லா ஊழியரும் அறிவர். தனியொருவரின் துணிச்சலை நம்பி ஒரு சட்டத்தை விட்டுவைப்பது, அந்தச் சட்டத்தைக் கைவிடுவதற்குச் சமம்.

பதிவேட்டைத் திறக்க வேண்டியது அரசு

ஆகவே, தொழிலாளர் துறையிடம் ஒரு கோரிக்கை. புகார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேவையான சாட்சி எல்லாம் அந்தந்த நிறுவனத்திடமே இருக்கிறது. வாசல் கருவியின் வெளியேறும் நேரம், கணினிகள் அணைக்கப்பட்ட நேரம், மிகைநேரப் பதிவேடு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். முதல் இரண்டும் எட்டு மணி என்று சொல்லி, மூன்றாவது வெறுமையாக இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. எந்த ஊழியரும் தன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்கவும் வேண்டியதில்லை.

நிறுவனங்களிடமும் ஒன்றைக் கேட்கலாம். தாமதமாக வந்தவர்களின் பட்டியலை மாதந்தோறும் எடுக்கும் அதே மென்பொருளில், தாமதமாகக் கிளம்பியவர்களின் பட்டியலையும் எடுங்கள். தேதி பார்த்து, கடைசி நாள் நெருக்கடியைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மணி நேரத்தை 208-ஆல் வகுத்தால், உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் குறைவாக இருக்கிறார்கள் என்பது வந்துவிடும். அத்தனை பேரை வேலைக்கு எடுங்கள். அதுவரைக்கும் இரட்டிப்புக் கூலியைக் கொடுங்கள். பேசிய நேரத்துக்குப் பேசிய வேலையைச் செய்துவிட்டு 6.30 மணிக்கு எழும் பெண், யாரிடமும் சலுகை கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பணி ஆணையில் இருக்கும் நேரத்தைத்தான் அவர் கடைப்பிடிக்கிறார்.